ஒரு கொழுக்கட்டைக்கு எவ்வளவு உள்ளுடன்? தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் எண்ணிக்கைப்படி

ஆவணிச் சதுர்த்திக்கு முதல் நாள் இரவு எங்கள் குசினியில் எப்போதும் ஒரே கேள்விதான் எழும். "எத்தனை தேங்காய் உடைக்கிறது?" அம்மம்மா இருந்த காலத்தில் அந்தக் கேள்விக்கு அவர் ஆட்களை எண்ணிப் பார்த்து, "மூண்டு காணும்" என்று சொல்லிவிடுவார். அது சரியாகவும் இருக்கும். அம்மம்மாவின் கை எனக்கு வாய்க்கவில்லை. நான் செய்யத் தொடங்கிய முதல் சில வருடங்களில் ஒன்று உள்ளுடன் முடிந்து குழைத்த மா மிஞ்சும், இல்லாவிட்டால் மா முடிந்து உள்ளுடன் மிஞ்சும். கடைசியில் வரும் கொழுக்கட்டைகள் வெறும் மாவாக இருக்கும், முதலில் செய்தவை வயிறு வெடித்துப் பாகு ஒழுகி நிற்கும்.

அதனால் ஒரு கொழுக்கட்டைக்கு எவ்வளவு என்று தராசில் வைத்துப் பிடித்துவிட்டு, அங்கிருந்து எண்ணிக்கைக்குப் பெருக்கத் தொடங்கினேன். முதல்முறை செய்யப் போகிறவர்களுக்காக அந்தக் கணக்கையும், அது எங்கே பிசகும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான வீடுகளில் உள்ளுடனுக்கு வறுத்து அவித்த பயறும் சேர்ப்பார்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது பயறு இல்லாத, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த உள்ளுடன். இந்தியாவில் இதைப் பூரணம் என்பார்கள். சர்க்கரை என்று நான் சொல்வது நம் ஊர் வழக்கப்படி மண்ணிறச் சர்க்கரையை. வெள்ளைச் சீனி அல்ல. இதைப் படிக்கும் தமிழ்நாட்டு ஆட்கள் வெல்லம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றுக்கான கணக்கு

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கொழுக்கட்டை, அல்லது நுனி வைத்த ஒரு மோதகம், அவிப்பதற்கு முன் ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். அதில் 25 கிராம் வெளி மா, 15 கிராம் உள்ளுடன். இந்த 15 கிராம் என்பது ஒரு மேசைக்கரண்டியில் தலை தட்டி எடுத்த அளவு. உருட்டினால் பெரிய நெல்லிக்காய் அளவு வரும்.

கிளறி ஆறிய உள்ளுடன் 15 கிராம் வேண்டுமென்றால், பச்சையாக 10 கிராம் தேங்காய்ப்பூவும் 7 கிராம் சர்க்கரையும் வேண்டும். இரண்டும் சேர்ந்து 17 கிராம். அடுப்பில் கிளறும்போது தேங்காய்ப்பூவில் இருக்கும் நீரில் ஒரு பகுதி ஆவியாகப் போய் 15 கிராம் மிஞ்சும். புதுத் தேங்காய்ப்பூவின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். அந்த நீர் முழுவதையும் நாம் விரட்டுவதில்லை, கொஞ்சத்தைத்தான்.

சர்க்கரை 7 கிராம் என்பது என் வீட்டு இனிப்பு. இதை 6 ஆகக் குறைக்கலாம், 8 ஆகக் கூட்டலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் 5க்குக் கீழே போனால் பிரச்சினை இனிப்பில் மட்டும் இராது. தேங்காய்ப்பூவைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதே பாகுதான். பாகு குறைந்தால் உருண்டை உதிரும், மாவுக்குள் வைக்கும்போது ஓரமெல்லாம் சிதறி, மூடிய இடம் ஒட்டாது. மறுபக்கம் 9க்கு மேலே போனால் தேங்காய்ப்பூ பிடிக்க முடியாத அளவு பாகு இருக்கும். அவிக்கும்போது அது இளகி வழி தேடும்.

இனி எண்ணிக்கை. செய்ய வேண்டிய எண்ணிக்கையோடு முதலில் 2ஐக் கூட்டுங்கள். பிறகு 10ஆல் பெருக்கினால் தேங்காய்ப்பூ, 7ஆல் பெருக்கினால் சர்க்கரை, இரண்டும் கிராமில். அந்த 2 எதற்கென்றால், தாச்சியிலும் அகப்பையிலும் கையிலும் ஒட்டிப் போவதற்கு. எத்தனை செய்தாலும் ஒரு தாச்சியில் ஒட்டுவது ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால்தான் இதை நூற்றுக்கு இவ்வளவு என்று வைக்காமல் தாச்சிக்கு 2 என்று வைக்கிறேன். பத்துப் பதினொன்று செய்கிறவர்களுக்கு உள்ளுடன் காணாமல் போவதும் இதனால்தான். சின்ன அளவில் அந்த ஒட்டல் பெரிய பங்காகிவிடும்.

பதினொரு கொழுக்கட்டைக்கு 13 என்று வைத்தால் 130 கிராம் தேங்காய்ப்பூ, 91 கிராம் சர்க்கரை. பிள்ளையாருக்குப் படைக்கும் 21 மோதகத்துக்கு 23 என்று வைத்தால் 230 கிராமும் 161 கிராமும். 160 என்று வைத்தாலும் பரவாயில்லை. ஒன்றிரண்டு கிராமுக்கு யாரும் கவலைப்பட வேண்டாம், தராசே அவ்வளவு துல்லியமாக இராது.

உங்கள் கொழுக்கட்டை இதைவிடப் பெரிதா சிறிதா என்று தெரியாவிட்டால், ஒன்றை மட்டும் உங்கள் வழக்கமான அளவில் பிடித்து நிறுங்கள். அதன் உள்ளே வைத்த உள்ளுடன் 20 கிராம் என்றால் மேலே சொன்ன 10ஐயும் 7ஐயும் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது 13ம் 9ம். அச்சில் செய்கிறவர்கள் அச்சுக்குள் மாவை ஒட்டியபின் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்த்து நிறுக்க வேண்டும். அச்சுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஏன் சுண்டும் பேணியும் போதாது

நம் வீடுகளில் அளவென்றால் சுண்டுதான், இல்லாவிட்டால் பேணி. அரிசிக்கும் மாவுக்கும் அது போதும். தேங்காய்ப்பூவுக்குப் போதாது. திருவியதும் பொலுபொலுவென்று விழுந்த பூவை அப்படியே அள்ளினால் ஒரு எடை. அதே பூவை விரலால் அமத்தினால் அந்தச் சுண்டுக்குள் இன்னொரு பிடி போகும். இரண்டுமே "ஒரு சுண்டு" தான். சர்க்கரையும் அப்படித்தான். கட்டியாக உடைத்துப் போட்டால் இடைவெளி இருக்கும், சீவிப் போட்டால் நெருங்கி இருக்கும். இரண்டு பொருளிலும் இப்படிப் பிசகு வந்தால், ஒரு தடவை பாகு கூடும், மறுதடவை உதிரும். "போனமுறை இதே அளவுதானே போட்டேன்" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தராசே இல்லையென்றால் ஒருமுறை கடையிலோ அயல் வீட்டிலோ உங்கள் பேணியில் அமத்தாமல் நிரப்பிய தேங்காய்ப்பூ எத்தனை கிராம் என்று நிறுத்து, அந்தப் பேணியின் அடியிலேயே எழுதி வையுங்கள். அதன்பின் எப்போதும் அமத்தாமல், மேலே வழித்து எடுத்தால் போதும்.

தேங்காயும் எண்ணிக்கையில் சொல்லக்கூடிய பொருள் அல்ல. என் வீட்டு மரத்துக் காயில் ஒன்று 220 முதல் 260 கிராம் வரை பூ தரும். கடையில் வாங்கிய சின்னக் காய் 170ஓடு நின்றதும் உண்டு. ஆகவே முதலில் திருவி நிறுத்துவிட்டு, பிறகு சர்க்கரையை அந்த எடைக்கு ஏற்றபடி வெட்டுங்கள். சர்க்கரையை முதலில் எடுத்து வைத்துவிட்டுத் தேங்காயைத் திருவினால் விகிதம் நம் கையில் இராது.

திருவும்போது சிரட்டையை ஒட்டிய மண்ணிறப் பகுதிக்கு முன்னரே நிறுத்திவிடுங்கள். சம்பலுக்கு அது வந்தால் பரவாயில்லை. உள்ளுடனில் வாயில் சக்கையாக நிற்கும். காயும் மிக முற்றி, குலுக்கினால் தண்ணீர் கேட்காத அளவுக்கு வற்றியதாக இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட பூவைக் கிளறினால் எண்ணெய் பிரிந்து உருண்டை வழுக்கும்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உறைநிலைப் பையில் வரும் தேங்காய்ப்பூவை முழுதாக இளகவிட்டு, கசியும் நீரோடு சேர்த்தே நிறுங்கள். கணக்கு அப்படியே பொருந்தும், கிளற மட்டும் இரண்டொரு நிமிடம் கூடும். உலர்ந்த தேங்காய்த் துருவல் என்றால் ஒன்றுக்கு 10 கிராமுக்குப் பதில் 6 கிராம் எடுத்து, 4 மில்லிலீற்றர் சுடுதண்ணீர் தெளித்துக் கால் மணிநேரம் மூடி வையுங்கள். அதுவும் பத்தாகிவிடும்.

பாகும் கிளறலும்

சர்க்கரையை நேரே தேங்காய்ப்பூவுக்குள் போட்டுக் கிளறுகிறவர்களும் உண்டு. சுத்தமான சர்க்கரை என்று உறுதியாகத் தெரிந்தால் செய்யலாம். நான் எப்போதும் கரைத்து வடிப்பேன். 100 கிராம் சர்க்கரைக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லிலீற்றர் தண்ணீர். இதற்கு மேல் வேண்டாம். ஊற்றிய ஒவ்வொரு கரண்டித் தண்ணீரையும் பிறகு நாம்தான் அடுப்பில் வைத்து விரட்ட வேண்டும். மெல்லிய நெருப்பில் கரைந்ததும் தேத்தண்ணி வடியில் வடித்தால் மண்ணும் தும்பும் அடியில் நின்றுவிடும்.

பனங்கட்டி சேர்க்கிறவர்கள் கட்டாயம் வடிக்க வேண்டும். கருப்பநீர் இறக்கும்போது முட்டியில் சுண்ணாம்பு பூசுவார்கள், அதன் அடைசல் கட்டியில் இருக்கும். குட்டானோடு நிறுக்கவும் வேண்டாம். ஓலையைப் பிரித்து எடுத்துவிட்டுக் கட்டியை மட்டும் நிறுங்கள். பனங்கட்டியும் சர்க்கரையும் பாதிக்குப் பாதி சேர்த்தால் வரும் வாசம் எனக்கு மிகவும் பிடிக்கும். தனிப் பனங்கட்டியில் செய்தால் உள்ளுடன் என் அடுப்பில் சீக்கிரம் இறுகுகிறது, அதனால் கொஞ்சம் முந்தியே இறக்கிவிடுவேன்.

வடித்த பாகை அகலமான தாச்சியில் ஊற்றி நடுத்தர நெருப்பில் கொதிக்க விடுங்கள். முதலில் வரும் குமிழி சின்னதாக, நுரை நுரையாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் குமிழி பெரிதாகி மெதுவாக வெடிக்கத் தொடங்கும். அப்போது நாம் ஊற்றிய தண்ணீர் பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். உடனே தேங்காய்ப்பூவைப் போட்டுக் கிளறுங்கள். போட்டதும் எல்லாம் இளகித் தண்ணீராகத் தெரியும். பயப்பட வேண்டாம், தேங்காய் தன் நீரை விடுகிறது. இருபது முப்பது கொழுக்கட்டைக்கான அளவு என்றால் ஆறிலிருந்து எட்டு நிமிடத்தில் திரண்டு வரும். நிறுத்துவதற்குச் சற்று முன் ஒரு சிட்டிகை உப்பும், இருபது கொழுக்கட்டைக்கு மூன்று ஏலக்காய் என்ற கணக்கில் பொடித்ததும் போடுங்கள். முந்திப் போட்டால் வாசம் ஆவியோடு போய்விடும்.

எப்போது இறக்குவது என்பதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறும் இடம். அம்மம்மா, "கையில ஒட்டாமல் உருண்டு வரோணும் பிள்ளை" என்பார். அது சரிதான், ஆனால் அது ஆறிய பின்னரான பதம். அடுப்பில் இருக்கும்போதே கையில் ஒட்டாமல் உருளும் வரை கிளறினால் ஆறியதும் கல்லாகிவிடும். பாகில் நீர் குறையக் குறைய அதன் சூடு ஏறிக்கொண்டே போகும், சூடு ஏற ஏற ஆறியபின் இறுகும் தன்மையும் கூடும். சூடாக இருக்கையில் இளகலாகத் தெரியும் பாகு ஆறினால் கெட்டியாகும் என்பதை மனதில் வைத்துத்தான் இறக்க வேண்டும்.

இதற்குத் தராசே உதவும். இதைத்தான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். வெறும் தாச்சியை அகப்பையோடு முதலிலேயே நிறுத்து எழுதி வையுங்கள். தேங்காய்ப்பூவின் எடையையும் சர்க்கரையின் எடையையும் கூட்டி 0.88ஆல் பெருக்குங்கள். நீங்கள் இறக்க வேண்டிய எடை அதுதான். ஊற்றிய தண்ணீரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது முழுவதும் போக வேண்டியது. திரண்டு வருகிறது என்று தோன்றியதும் அடுப்பை அணைத்து, தராசின்மேல் ஒரு மடித்த துணி வைத்துத் துணியின் எடையைக் கழித்துவிட்டு, தாச்சியை ஏற்றிப் பாருங்கள். கூட இருந்தால் திரும்ப அடுப்பு, இன்னும் ஒரு நிமிடம். இரண்டு தடவை இப்படிச் செய்துவிட்டால் மூன்றாம் தடவை கண்ணுக்கே தெரிந்துவிடும். தாச்சியின் ஓரத்தில் பாகு நிற்காமல் எல்லாம் நடுவுக்கு ஒரு திரளாக வரும், அகப்பையால் அமத்தினால் ஈரம் மினுங்கும், ஆனால் சாறு ஓடாது. அந்த இடம்தான்.

சென்ற ஆவணிச் சதுர்த்தியில் செய்த 45

படையலுக்கு 21, வீட்டுக்கும் அயலட்டைக்கும் 24. மொத்தம் 45. கணக்குப்படி 47ஐ வைத்து 470 கிராம் தேங்காய்ப்பூ, 329 கிராம் சர்க்கரை வேண்டும். இரண்டு காய் உடைத்தேன். ஒன்று 236 தந்தது, மற்றது 221. ஆக 457 கிராம். 13 கிராமுக்காக இன்னொரு காயை உடைக்க மனம் வரவில்லை. அதனால் சர்க்கரையை 457க்கு ஏற்றபடி குறைத்து 320 கிராம் எடுத்தேன். கவனியுங்கள், சர்க்கரையை 329 ஆகவே விட்டிருந்தாலும் பெரிய கேடில்லை, ஆனால் தேங்காய் இன்னும் குறைவாக வந்திருந்தால் அந்தப் பழக்கம் பாகைக் கூட்டிவிடும். எப்போதும் தேங்காயைப் பார்த்தே சர்க்கரை.

457ம் 320ம் சேர்ந்து 777. அதை 0.88ஆல் பெருக்கினால் 684. முதல் தடவை நிறுத்தபோது 712 நின்றது. இன்னும் ஒன்றரை நிமிடம் கிளறி 684க்கு வந்ததும் இறக்கினேன். தட்டில் பரப்பி ஆறவிட்டு வழித்து எடுத்தபின் இருந்தது 668 கிராம். மிச்சம் 16 தாச்சியோடும் அகப்பையோடும் நின்றுவிட்டது. நான் சொன்ன அந்த 2இல் ஒன்று அங்கே போய்விட்டது.

668ஐ 15ஆல் வகுத்தால் 44 உருண்டையும், மிச்சமாக 8 கிராமும். ஒன்று குறைகிறது. அம்மம்மாவாக இருந்தால் ஒவ்வொன்றிலும் துளி கிள்ளிச் சரிசெய்திருப்பார். நான் 668ஐ 45ஆல் வகுத்தேன். ஒன்றுக்கு 14.8 கிராம். வாயில் வைப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஆகவே கடைசிக் கணக்கு எப்போதும் கையில் இருக்கும் உள்ளுடனை எண்ணிக்கையால் வகுப்பதுதான். 15 என்பது வாங்கும்போதும் திருவும்போதும் வைத்துக்கொள்ளும் கணக்கு. உருட்டும்போது கிடைத்ததை வகுங்கள். வகுத்தது 13க்குக் கீழே போனால் மட்டும் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. அதற்குக் கீழே உள்ளுடன் மாவுக்குள் தொலைந்துவிடும்.

உருண்டைகள் முழுவதையும் மா குழைக்கும் முன்பே உருட்டி எண்ணித் தட்டில் அடுக்கிவிடுங்கள். இதுவும் வருடக்கணக்காகப் பட்டுத் தெரிந்துகொண்டது. உள்ளுடன் கரண்டியால் அள்ளி அள்ளி வைக்கும்போது முதலில் தாராளமாக வைப்போம், பிறகு கை சுருங்கும். எண்ணி அடுக்கிவிட்டால் மாவை அதே எண்ணிக்கைக்குப் பங்கிடுவது மட்டும்தான் மிச்சம். ஒன்றுக்கு 11 கிராம் வறுத்த சிவப்பரிசி மா என்று 45க்கு 500 கிராம் எடுத்தேன். கொதிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்தேன். தண்ணீர் எவ்வளவு என்பதை மாவின் வறுவல்தான் தீர்மானிக்கும். காது மடலைத் தொட்டதுபோல் மெதுவாக இருக்க வேண்டும்.

நூற்றெட்டு என்றால்

கோயிலுக்கு 108 மோதகம் என்று ஏற்றுக்கொண்ட ஒரு தடவை, எல்லாத் தேங்காயையும் ஒரே பெரிய தாச்சியில் போட்டேன். கணக்கு சரி, பெருக்கலும் சரி. ஆனால் அரை மணிநேரம் கிளறியும் மேலே ஈரமாகவே இருந்தது, அடியில் பாகு கறுத்துக் கசக்கத் தொடங்கியது. தோள் வலித்ததுதான் மிச்சம். ஆவி போவது மேற்பரப்பால்தான். தேங்காய்ப்பூ ஆழமாகக் குவிந்து கிடந்தால் அடியில் இருப்பது சூட்டில் வேகும், அதன் நீர் மேலே வந்து மேலிருப்பதை நனைக்கும். அளவைப் பெருக்கினால் நேரமும் அதேபோல் பெருகி அதோடு நிற்கும் என்று நினைத்தது பிழை. உள்ளுடனின் தன்மையே மாறிவிட்டது.

இப்போது ஒரு தாச்சியில் 500 கிராம் தேங்காய்ப்பூவுக்கு மேல் போடுவதில்லை. அதாவது 48 கொழுக்கட்டை வரை. 108 என்றால் மூன்று தடவையாகப் பிரித்து, தடவைக்கு 36. ஒவ்வொரு தாச்சிக்கும் அந்த 2ஐக் கூட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஆக 38, அதாவது தடவைக்கு 380 கிராம் தேங்காய்ப்பூ, 266 கிராம் சர்க்கரை. மொத்தம் 1140 கிராமும் 798 கிராமும். என் மரத்துக் காயில் ஐந்து போதும், கடைக் காய் என்றால் ஆறு ஏழு வாங்கி வைப்பேன். பாகை மட்டும் ஒரேயடியாகக் கரைத்து வடித்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கரைத்த பாகை மூன்று பாத்திரத்தில் சமமாக நிறுத்து ஊற்றினால் சரி.

பிழைத்தால்

இறக்கி ஆறிய உள்ளுடன் உருட்டும்போது விரலிடுக்கில் பாகு கசிந்தால் அது ஈரம் கூடியது. அப்படியே வைத்து மூடினால் இரண்டு விதமாகப் பழிவாங்கும். பாகு பட்ட ஓரம் ஒட்டாது, ஒட்டினாலும் ஆவியில் இளகி அந்த இடத்தால் வெளியே வரும். அவித்தபின் தட்டில் மண்ணிறத் துளிகள் தெரிந்தால் காரணம் இதுதான். திரும்பத் தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் இரண்டு நிமிடம் கிளறுவதுதான் நல்ல தீர்வு. நேரமில்லாவிட்டால் பத்துக் கொழுக்கட்டைக்கு ஒரு தேக்கரண்டி வறுத்த அரிசி மாவைத் தூவிப் பிசையலாம். அதற்கு மேல் போட்டால் மாச்சுவை தெரியும்.

மறுபக்கம், ஆறியதும் இறுகிக் கட்டியானால், தாச்சியில் போட்டு, பத்துக் கொழுக்கட்டைக்கு ஒரு தேக்கரண்டி சுடுதண்ணீர் தெளித்து மூடி, மிக மெல்லிய நெருப்பில் ஒரு நிமிடம் வைத்துப் பிறகு கிளறுங்கள். இளகிவிடும். கறுத்துக் கசப்பு வந்ததற்கு மட்டும் வைத்தியமில்லை.

உதிர்ந்துபோவது மூன்றாவது. பெரும்பாலும் சர்க்கரை குறைவு, இல்லாவிட்டால் தேங்காய் வற்றல். ஒரு கைப்பிடியை எடுத்து இறுக்கிப் பாருங்கள். பிடித்து நின்று பிறகு வெடித்தால் ஈரம்தான் காணாது, தேங்காய்ப் பால் ஒரு கரண்டி தெளித்தால் போதும். பிடிக்கவே இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரையைத் தனியே பாகு காய்ச்சிக் கலக்க வேண்டும்.

அவிக்கும்போது ஒரு விஷயம் மட்டும். 40 கிராம் கொழுக்கட்டைக்கு ஆவி நன்றாக வந்தபின் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் மினுமினுப்பாக இருந்தால் வெந்துவிட்டது. உள்ளே இருப்பது ஏற்கனவே வெந்தது, அதனால் கூடுதல் நேரம் வைத்தால் நன்மை ஏதுமில்லை, பாகு இளகுவதுதான் மிச்சம். உள்ளுடன் சூடாக இருக்கும்போதும் மாவில் வைக்க வேண்டாம். அதன் ஆவி உள்பக்கத்து மாவை நனைத்து மெலிதாக்கிவிடும்.

பயறு சேர்க்கப் போகிறவர்கள் இந்த 0.88ஐ அப்படியே எடுக்க வேண்டாம். அவித்த பயறு பாகின் நீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் நிறை அவ்வளவு குறையாமலே பதம் வந்துவிடும். முதல் தடவை கண்ணால் பார்த்து இறக்கி, இறக்கிய எடையை எழுதி வைத்தால் அடுத்த தடவைக்கு உங்கள் வீட்டு எண் கிடைத்துவிடும்.

உள்ளுடனை முதல்நாள் இரவே கிளறி உருட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைக்கலாம். மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். வெளியே வைத்தால் நம் வெக்கைக்கு அன்று பின்னேரத்துக்குள் தேங்காய் புளிக்கத் தொடங்கும். குளிரில் இருந்து எடுத்த உருண்டையை அரை மணிநேரம் வெளியே வைத்துவிட்டுப் பாவியுங்கள். அந்த 2இல் ஏதாவது மிஞ்சினால் மறுநாள் காலை கோதுமை மாவில் மெல்லிய தோசை சுட்டு, உள்ளே வைத்துச் சுருட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன்.